ஏபிஎஸ்ஸா, சிபிஎஸ்ஸா? உப்புக் காற்றில் ஓடும் வண்டிக்கு எது?

கேள்வி: மண்டபத்தில் வசிக்கிறேன். வேலை ராமேஸ்வரத்தில் என்பதால் தினமும் பாம்பன் பாலம் வழியாகப் போய் வருகிறேன். பல நாள் மனைவியும் பின்னால் அமர்ந்து வருவார். 125 சிசி மோட்டார் சைக்கிள் வாங்கப் போன இடத்தில் ஒரே வண்டியை ஐபிஎஸ், ஏபிஎஸ் என்று இரண்டு வகையாகக் காட்டினார்கள். ஏபிஎஸ் வண்டிக்குச் சில ஆயிரம் ரூபாய் கூடுதல். "இரண்டும் பாதுகாப்பு பிரேக்தான், பெயர்தான் வேறு" என்கிறார் விற்பனையாளர். மணலில் ஏபிஎஸ் பிடிக்காது என்று என் மைத்துனர் பயமுறுத்துகிறார். எதை வாங்குவது? – வாசகர், மண்டபம்

பதில்: ஏபிஎஸ் வண்டியையே வாங்குங்கள். விற்பனையாளர் சொன்னது தவறு. உங்கள் மைத்துனர் சொன்னதில் பாதி சரி.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கடையில் ஐபிஎஸ் என்று சொன்னது சிபிஎஸ்தான். ஹீரோ அதை ஐபிஎஸ் என்கிறது, டிவிஎஸ் எஸ்பிடி என்கிறது, ஹோண்டா காம்பி பிரேக் என்கிறது. மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. காலால் பின் பிரேக்கை மிதித்தால், ஒரு கேபிள் அல்லது நெம்புகோல் வழியாக முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். ஸ்கூட்டரில் கால் மிதிக்குப் பதிலாக இடக்கை லீவர், அவ்வளவுதான். முன் பிரேக்கைத் தொடவே பயப்படுகிற நம் ஊர் ஓட்டுநர்களுக்காக, அவர்களைக் கேட்காமலே அதைக் கொஞ்சம் பிடித்துக் கொடுக்கிற ஏற்பாடு இது. சக்கரம் பூட்டிக்கொள்வதை இது தடுக்காது. பயத்தில் வலக்கை லீவரை இறுக்கிப் பிடித்தால், சிபிஎஸ் வண்டியின் முன் சக்கரமும் சாதாரண வண்டியைப் போலவே பூட்டிக்கொள்ளும்.

ஏபிஎஸ் தடுப்பது அந்தப் பூட்டுதலைத்தான். சக்கரத்தின் நடுப்பகுதியில் துளைகளோ பற்களோ கொண்ட ஒரு வளையம் இருக்கும். அதை ஒட்டினாற்போல் ஒரு சென்சார் நின்று சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் வேகம் இயல்பை மீறிச் சட்டென்று விழுந்தால், பூட்டப் போகிறது என்று பொருள். உடனே ஒரு வால்வு பிரேக் ஆயிலின் அழுத்தத்தைக் குறைக்கும். சக்கரம் மீண்டும் சுற்றத் தொடங்கியதும் அழுத்தத்தைக் கூட்டும். ஒரு நொடிக்குள் இது பல தடவை நடந்துவிடும். உங்கள் விரல்களுக்கு லீவர் துடிப்பதுபோல் தெரியும். முதல் தடவை அந்தத் துடிப்பை உணர்கிறவர்கள் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பிடியை விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை நேராக வைத்திருப்பதுதான் உங்கள் வேலை. மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் வருவது ஒற்றைச் சேனல் ஏபிஎஸ். அதாவது முன் சக்கரத்துக்கு மட்டும். 'பாதிதானே கொடுக்கிறார்கள்' என்று தோன்றும். ஆனால் முக்கியமான பாதி அதுதான். பின் சக்கரம் பூட்டினால் வால் பகுதி பக்கவாட்டில் வழுக்கும். பதறாமல் மிதியை விட்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் பூட்டினால் கைப்பிடி கட்டுப்பாட்டை இழந்து, யோசிப்பதற்குள் வண்டி தரையில் கிடக்கும். இரண்டு பேர் போகிற வண்டியில் இது இன்னும் மோசம்.

இப்போது உங்கள் சாலைக்கு வருவோம். தங்கச்சிமடம் பக்கம் கருவேலம் புதரிலிருந்து ஓர் ஆடு குறுக்கே பாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறீர்கள். அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் ஓடும். ஆட்டைக் கண்டு, கை கால் இயங்குவதற்குள் அந்த 14 மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகு, உலர்ந்த நல்ல தார்ச்சாலையில் பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் நிற்க இன்னும் 30 மீட்டர் வரை ஆகலாம். முன், பின் இரண்டையும் சரியாகப் பிடித்தால் 15 மீட்டர் அளவில் நின்றுவிடலாம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன் சக்கரத்தின் மேல் சாய்ந்துவிடுவதால்தான் இந்த வேறுபாடு. காலை மட்டும் நம்புகிறவருக்கு சிபிஎஸ் இந்த 30 மீட்டரில் கணிசமாகக் குறைத்துக் கொடுக்கும். அதை நான் மறுக்கவில்லை. உலர்ந்த சாலைக்கு சிபிஎஸ் மோசமில்லை.

அதே ஆடு, ஆடி மாதத்துக் காற்றில் தார்மேல் மணல் படிந்த இடத்தில் குறுக்கே வந்தால்? அல்லது மீன் வண்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகிப்போன இடத்தில்? மணல் படிந்த தார் என்பது குண்டுமணி பரப்பிய தரை மாதிரி. டயருக்கும் சாலைக்கும் நடுவே பிடிமானம் பாதிக்குமேல் போய்விடும். உலர்ந்த சாலையில் சரியாக இருந்த அதே அழுத்தம் இங்கே சக்கரத்தைப் பூட்டிவிடும். பதற்றத்தில் கை எப்போதும் அதிகமாகத்தான் பிடிக்கும். ஏபிஎஸ் வண்டியும் இங்கே 15 மீட்டரில் நிற்காது. தூரம் கூடத்தான் செய்யும். ஆனால் நிமிர்ந்தபடியே நிற்கும் வாய்ப்பு அதற்கு அதிகம்.

மைத்துனர் சொன்ன பாதி உண்மை இதுதான்: ஆழமான உதிரி மணலில் பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் மணலைக் குவித்து அதில் முட்டி நிற்கும். ஏபிஎஸ் அந்தப் பூட்டுதலை அனுமதிக்காததால் வண்டி கொஞ்சம் கூடுதல் தூரம் ஓடும். கடற்கரை மணலில் தினமும் ஓட்டுகிறவருக்கு இது ஒரு கணக்கு. தார்ச்சாலையில் போகிற உங்களுக்கு இல்லை. இன்னொரு வரம்பையும் சொல்லிவிடுகிறேன். வளைவில் வண்டியைச் சாய்த்துக்கொண்டிருக்கும்போது கடுமையாகப் பிரேக் பிடித்தால் இந்த விலை வண்டிகளின் ஏபிஎஸ் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள்.

உங்கள் ஊருக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது. என் முடிவு பெரும்பாலும் அதை வைத்துத்தான். உப்புக் காற்று. பல சிபிஎஸ் வண்டிகளில் முன், பின் பிரேக்குகளை இணைப்பது உறைக்குள் ஓடும் இரும்புக் கேபிள். கடலோரத்தில் அந்த உறைக்குள் ஈரமும் உப்பும் புகுந்தால் கேபிள் துருப்பிடித்து இறுகும். மிதி எப்போதும்போல் இறங்கும், பின் பிரேக் பிடிக்கும், முன் பிரேக்குக்குச் சேர வேண்டிய இழுப்பு மட்டும் சேராது. எந்த விளக்கும் எரியாது. யாரும் சொல்லவும் மாட்டார்கள். பின் பிரேக்கைச் சரிசெய்கிற மெக்கானிக் இணைப்புக் கேபிளின் தளர்வைக் கவனிக்காமல் விட்டாலும் இதே நிலைதான். நீங்கள் சிபிஎஸ் வண்டி ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு சாதாரண வண்டி ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஏபிஎஸ் சென்சாரும் கெடும். மணலும் பிரேக் கட்டைத் தூளும் ஒட்டும், ஒயர் இணைப்பில் பச்சை பூக்கும், பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றும்போது வளையம் வளையும். ஆனால் கெட்டால் மீட்டரில் அதற்குரிய விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அப்போதும் பிரேக் இல்லாமல் போகாது. சாதாரண பிரேக்காக வேலை செய்யும். சொல்லிவிட்டுக் கெடுகிற பொருள், சொல்லாமல் கெடுகிற பொருளைவிட நல்லது அல்லவா?

சிபிஎஸ் வண்டி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறவர்கள் இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின்பகுதியை அழுத்தி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். இன்னொருவர் முன் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, பின் பிரேக் மிதியைக் கையால் நன்றாக அழுத்த வேண்டும். லேசாக அழுத்தினால் பின் சக்கரம் மட்டும் பிடிப்பது இயல்பே. அழுத்தம் கூடும்போது முன் சக்கரமும் இறுகி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கேபிளை மாற்றச் சொல்லுங்கள். கடலோர வண்டிக்கு மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை இதைச் செய்துவிடுவது நல்லது.

விலை விஷயம்: சட்டத்தால் உங்களுக்குக் கிடைத்த தேர்வு இது. மத்திய அரசு விதிப்படி 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது. 125 சிசி வரை இரண்டில் ஒன்று போதும் என்றார்கள். எல்லா இருசக்கர வண்டிகளுக்கும் ஏபிஎஸ் வேண்டும் என்று 2025-இல் ஒரு வரைவு அறிவிக்கையும் வந்தது. கூடுதல் தொகையைக் கேட்டு மலைக்கிறவர்கள், அலாய் சக்கரத்துக்கும் ஸ்டிக்கருக்கும் கூடுதலாகக் கொடுக்கும்போது அவ்வளவு மலைப்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். ஏபிஎஸ் வண்டியில் முன் பக்கம் டிஸ்க் பிரேக் இருந்தே தீரும். அதுவும் அந்தத் தொகைக்குள்தான் வருகிறது. பராமரிப்பு என்று பார்த்தால், கையேட்டில் சொன்னபடி பிரேக் ஆயிலை மாற்றுவதுதான் முக்கியம். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. கடலோரத்தில் தள்ளிப்போட வேண்டாம்.

வண்டியை எடுக்கப் போகும்போது முன் சக்கரத்தின் நடுவில் அந்த வளையமும், அதற்கு வரும் மெல்லிய ஒயரும் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். சாவியைத் திருப்பினால் மீட்டரில் "ABS" விளக்கு எரிய வேண்டும்; வண்டி நகர்ந்து சற்று வேகம் எடுத்ததும் அணைய வேண்டும். சாவி போட்டதுமே எரியாத விளக்கு, அணையாத விளக்கைவிடச் சந்தேகத்துக்குரியது; பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் கோளாறை மறைக்க விளக்கையே துண்டித்துவிடலாம். விலைச்சீட்டில் வண்டியின் பெயரோடு ஏபிஎஸ் வகை என்றும் எழுதியிருக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிற வண்டி என்பதால், அதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.