தும்மலுக்கு முன்னால் ஒரு கட்டம்

வணக்கம். என் மகளின் கதைப் புத்தகத்தில் வந்த ஒரு பக்கப் படக்கதையைப் போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன். யானைக்குட்டி தும்முகிற கதை. புத்தகத்தில் பார்த்தபோது இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆறு கட்டங்களையும் தனித்தனியாக வெட்டி, ஒரே சதுர அளவாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக நண்பர்களுக்கு அனுப்பினேன். யாரும் சிரிக்கவில்லை. படம், வசனம் எதையும் நான் மாற்றவில்லையே, பிறகு ஏன்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் வெட்டி எறிந்தது கதையின் கடிகாரத்தை. படக்கதையில் அது கட்டங்களின் அளவிலும் அவற்றுக்கு நடுவே உள்ள வெள்ளை இடத்திலும்தான் ஓடுகிறது.

முதல் கட்டத்தைப் பாருங்கள். பக்கத்தின் முழு அகலத்துக்கும் நீள்கிறது. தும்பிக்கையில் மூன்று குருவிகள். இடது மேல் மூலையில் ஒரு குருவியின் பேச்சுப் பலூன்: "ஏன் மூக்கைச் சுருக்குகிறாய்?" வலப்பக்கம் சற்றுக் கீழே யானையின் பலூன்: "ஒன்றுமில்லை. சும்மா." வரைந்திருப்பது ஒரு நொடி. ஆனால் கேள்வியும் பதிலும் உள்ளே இருப்பதால் அந்த ஒரே படத்துக்குள் சில விநாடிகள் கழிகின்றன. இரண்டு பலூன்களுக்கும் நடுவே விட்டிருக்கும் வெற்றிடம்தான் யானையின் தயக்கம். பலூன்களை ஒட்டி வரைந்திருந்தால் யானை வெடுக்கென்று பதில் சொன்னதாக ஆகியிருக்கும். சதுரமாக்கும்போது இந்தக் கட்டத்தின் இரு ஓரங்களும் போய்விட்டன, கூடவே அந்தத் தயக்கமும்.

அடுத்த வரிசையில் மூன்று ஒடுக்கமான கட்டங்கள். "ஆ...", "ஆஆ...", அப்புறம் வசனமே இல்லாத ஒன்று. மூன்றிலும் அதே கோணம், அதே தூரம். தும்பிக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிறது. புதிதாகப் பார்க்க எதுவும் இல்லாததால் கண் வேகமாக ஓடுகிறது. நடுவே உள்ள இடைவெளிகளும் நூல் போல மெல்லியவை. ஆனால் வேகமாக வந்த கண் மூன்றாவதில் இடறுகிறது. வசனம் இருந்தால் அதைப் படித்து முடித்ததும் நகர்ந்துவிடலாம். இங்கே எப்போது நகர்வது என்று சொல்ல ஆளில்லை. படத்துக்குள் தேடுகிறோம், குருவிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வது அப்போதுதான் தெரிகிறது. இந்தக் கட்டத்தை விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். தும்மல் வரும், சிரிப்பு பாதிதான் வரும். இதுபோல் பேச்சில்லாத கட்டம் இன்னொன்று இருந்தாலும் தாங்கும். மூன்று, நான்கு என்று போனால் குழந்தை பக்கத்தைப் புரட்டிவிடும்.

இந்த வரிசைக்குக் கீழே உள்ள வெள்ளைப் பட்டை மற்ற இடைவெளிகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு தடிமன். மூச்சை இழுத்து நிறுத்துகிற இடம் அது. ஆனால் இடைவெளியின் அகலத்தை விநாடிக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். இடைவெளிக்கு முன்னால் உள்ள படத்துக்கும் பின்னால் உள்ள படத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை வைத்துத்தான் நடுவில் எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று மனம் முடிவு செய்கிறது. அகலம் அதை அழுத்திச் சொல்லும், அவ்வளவுதான். அதே மாதிரி, பெரிய கட்டம் என்றாலே நின்று பார்ப்போம் என்றும் இல்லை. வெறும் வானத்தைப் பெரிதாக வரைந்தால் ஒரே பார்வையில் தாண்டிவிடுவோம்.

ஐந்தாவது, தும்மல். எல்லைக்கோடே இல்லை. "அச்சூ!" பலூனுக்குள் அடங்காமல் படத்தோடு படமாக வரையப்பட்டு பக்க ஓரம் வரை பாய்கிறது. முழுப் பக்கமும் ஒரே நேரத்தில் கண்ணில் படுவதால், முதல் கட்டத்தைப் படிக்கும்போதே கீழே ஏதோ பெரிதாக வெடிக்கப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. இந்த ஓவியர் கெட்டிக்காரர். தும்மலை ஒளித்துவைக்க அவர் மெனக்கெடவே இல்லை. அது வரும் என்று காத்திருக்க வைக்கிறார், நிஜமான நகைச்சுவையை வேறு இடத்தில் வைத்திருக்கிறார்.

அது ஆறாவது கட்டம். வலது கீழ் மூலையில், தும்மல் படத்தின் மேலேயே ஒட்டிவைத்தது போல ஒரு சின்னச் சதுரம். இறகெல்லாம் போன மூன்று குருவிகள். "இனி சொல்லிவிட்டுத் தும்மு." இடைவெளியே இல்லாததால் தும்மின கையோடு இதுவும் வருகிறது, பறக்கும் இறகுகள் இன்னும் பின்னால் தெரிகின்றன. அளவில் சிறியது என்பதால் முதலில் கண்ணில் படாது, கிட்டே போய்ப் படித்தால்தான் புரியும். உங்கள் தொகுப்பில் இது தும்மலுக்குச் சமமான அளவில், தனியாக, திரையை ஒரு தட்டுத் தட்டிய பிறகு வருகிறது. அந்தத் தட்டலுக்கான நேரத்திலேயே குருவிகள் ஆறிப்போகின்றன.

மறுபடி அனுப்புவதாக இருந்தால் கட்டம் கட்டமாக வெட்டாமல் வரிசை வரிசையாக அனுப்புங்கள். மூன்று துண்டுகள் போதும். தும்மலையும் குருவிகளையும் பிரிக்காதீர்கள். படம் எடுக்கும்போது புத்தகத்தை நன்றாக விரித்து அழுத்திப் பிடியுங்கள். உங்கள் போட்டோவில் நடு மடிப்பை ஒட்டிப் பக்கம் வளைந்திருக்கிறது. அதனால் "ஆ..." கட்டம் "ஆஆ..." கட்டத்தைவிடக் குறுகலாகத் தெரிகிறது. புத்தகத்தில் இரண்டும் ஒரே அகலமாகத்தான் இருக்கும்.