ஆடி மாதம் அவசரம் அல்ல

கேள்வி: மதுரையில் கல்யாணங்களுக்குப் போட்டோ, வீடியோ எடுக்கிறேன். தை, வைகாசியில் கை நிறையப் பணம் வருகிறது. ஆடி, மார்கழி வந்தால் மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. மாத பட்ஜெட் எப்படிப் போடுவது? அவசரத்துக்கு எவ்வளவு சேர்த்து வைக்க வேண்டும்?

பதில்: ஆடியில் முகூர்த்தம் இல்லை என்பது காலண்டர் வாங்கும்போதே தெரிந்த விஷயம். அதை அவசரச் செலவில் சேர்க்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே உண்டியல் என்றால் ஆடியே அதைக் காலி செய்துவிடும்; ஐப்பசியில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் மறுபடியும் அடகுக்கடைதான்.

முதலில் தொழிலுக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு ஒன்று. வருகிற பணம் முழுவதும் தொழில் கணக்குக்குப் போகட்டும். ஆல்பம், உதவியாளர் கூலி, பெட்ரோல் எல்லாம் அதிலிருந்தே. அப்புறம் மாதம் பிறந்ததும் உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு சம்பளம்? கடந்த இரண்டு வருடங்களில் வரவு குறைந்த வருடத்தை எடுங்கள். அதில் 6,60,000 ரூபாய் வந்து, தொழில் செலவு 2,40,000 போயிருந்தால் மிச்சம் 4,20,000. மாதத்துக்கு 35,000. சம்பளம் 30,000 என்று வைக்கலாம். தையில் 90,000 மிஞ்சினாலும் வீட்டுக்கு 30,000தான். இதுதான் கஷ்டம், வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும்.

மந்த மாதங்களைத் தனியாகக் கணக்குப் போடுங்கள். ஆடியில் 5,000, புரட்டாசியில் 12,000 மட்டுமே மிஞ்சும் என்றால், சம்பளத்துக்கு 25,000மும் 18,000மும் குறையும். ஆக, ஆனி முடியும்போது தொழில் கணக்கில் 43,000 இருக்க வேண்டும். இல்லையென்றால் சம்பளம் கூடுதல் என்று அர்த்தம். அப்போதே 2,000, 3,000 குறைத்துவிடுங்கள். மார்கழிக்கு முன்னாலும் இதே மாதிரி ஒருமுறை பாருங்கள்.

இந்தத் தொழிலில் பலரும் சறுக்குவது அட்வான்ஸில்தான். தைக் கல்யாணத்துக்கு மார்கழியில் வாங்கிய அட்வான்ஸ் இன்னும் உங்கள் பணம் ஆகவில்லை. கல்யாணம் தள்ளிப்போனால் திருப்பிக் கேட்பார்கள். வேலை முடியும்வரை அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சரி, அவசர நிதிக்கு வருவோம். இதைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிட வேண்டாம்; நிறுத்தவே முடியாத செலவை வைத்துப் பாருங்கள். வாடகை 8,000, மளிகை, காய்கறி 7,000, பள்ளிக்கு 3,000, வண்டித் தவணை 4,000, மின்சாரம், கேஸ், போனுக்கு 2,000: மொத்தம் 24,000. மாதச் சம்பளக்காரருக்கு மூன்று மாதச் செலவு போதும் என்பேன். உங்களுக்குக் கை முறிந்தால் அன்றைக்கே வருமானம் நின்றுவிடும். எனவே ஆறு மாதம், 1,44,000. மாதம் 35,000ல் சம்பளம் போக மிஞ்சும் 5,000த்தில் இது சேர ஏறக்குறைய இரண்டரை வருடம் ஆகும். முதல் இலக்கு 24,000 மட்டும். அது சேர்ந்ததும் அடகு நகையை மீட்டுவிட்டு, பிறகு தொடருங்கள். நகைக்கடன் வட்டி டெபாசிட் வட்டியைவிட அதிகம்.

முழுவதையும் ஒரே ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட வேண்டாம். 24,000 வீதம் ஆறாகப் போடுங்கள். இடையில் முறித்தால் வட்டி குறையும். ஆறில் ஒன்றை முறித்தால் அந்த நஷ்டம் அதோடு நிற்கும். கேமரா பழுதுக்கான பணம் மட்டும் இதில் சேராது, அது தொழில் கணக்கின் செலவு.