முதல் கேள்விக்கு 'சாப்பிட்டேன்'

வணக்கம். அப்பாவுக்கு 76 வயது. அம்மா காலமான பிறகு திருமங்கலத்தில் தனியாக இருக்கிறார். நான் புனேயில் வேலை பார்க்கிறேன். தினமும் மாலை அலுவலக பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவரைக் கூப்பிடுவேன். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்பேன். 'ஆச்சு', 'சரி' என்பார். இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். என்னிடம் பேச அவருக்கு விருப்பமில்லையோ என்று தோன்றுகிறது. ஞாயிறு மட்டும் நிதானமாகப் பேசினால் போதுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

எந்த நாளில் பேசுவது என்பதை அப்பாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் 'பஸ்ஸில்' என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

என் அம்மா மேலூரில் தனியாக இருந்தாள். தினமும் இரவு ஏழரைக்குக் கூப்பிடுவேன். மூன்று கேள்விகள், எப்போதும் ஒரே வரிசை. ஒரு நாள் அங்கே பெருமழை என்று கேள்விப்பட்டு, எடுத்த எடுப்பில் "வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா?" என்றேன். "சாப்பிட்டேன்" என்றாள். "ஓடு ஒழுகுகிறதா?" என்றேன். "மாத்திரை போட்டுவிட்டேன்" என்றாள். "துணைக்கு யாராவது இருக்கிறார்களா?" என்று கத்தினேன். "நன்றாக இருக்கிறேன், நீ உடம்பைப் பார்த்துக்கொள்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் பேசுவது அவளுக்குப் புரியவே இல்லை. எத்தனை மாதமாக என்று தெரியாது. கேள்விகளின் வரிசையை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, என் மனம் நோகக்கூடாது என்று பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நானோ, அம்மாவுக்குப் பேச்சில் பிடிப்பு விட்டுப்போயிற்று என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வயதாகும்போது காதில் முதலில் மங்குவது மெல்லிய, உச்சமான ஒலிகள். உயிரொலி கேட்கும், அதற்கு முன்னால் நிற்கும் ச, த, ப, க நழுவிவிடும். பட்டு, தட்டு, கட்டு மூன்றும் ஒன்றுபோலவே விழும். "சத்தம் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். நேரில் வாயசைவைப் பார்த்துச் சமாளித்துவிடுவார்கள். அதனால்தான் ஊருக்குப் போகும்போது நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. போனில் அந்த உதவி கிடையாது. நீங்கள் அதற்கு மேல் ஒரு பஸ்ஸின் இரைச்சலையும் கொட்டுகிறீர்கள். கொட்டிவிட்டு, அவருக்கு விருப்பமில்லையோ என்று எனக்கு எழுதுகிறீர்கள்! இதை எழுதுவதற்கு முன் வரிசை மாறிய ஒரு கேள்வியையாவது அவரிடம் கேட்டுப் பார்த்திருக்கலாமே?

நாளைக்குக் கேளுங்கள். ஆம், இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வியாக இருக்கட்டும். "பால்காரர் இன்று எத்தனை மணிக்கு வந்தார்?" அதற்கும் 'ஆச்சு' என்று பதில் வந்தால் விஷயம் விளங்கிவிடும்.

பிறகு பஸ்ஸை விட்டு இறங்குங்கள். வீட்டுக்குப் போய், கதவைச் சாத்தி, ஸ்பீக்கரில் போடாமல் போனை வாய்க்கு அருகில் வைத்துப் பேசுங்கள். கத்தாதீர்கள். கத்தினால் உயிரொலிதான் வீங்கும், நழுவுகிற எழுத்து இன்னும் அமுங்கிப்போகும். எதைப் பற்றிப் பேச்சு என்பதை முதலில் சொல்லுங்கள்: "அப்பா, பால்காரரைப் பற்றிக் கேட்கிறேன்." கொஞ்சம் நிறுத்தி, பிறகு கேள்வி. புரியவில்லை என்றால் அதையே மூன்று முறை சொல்லாமல் வேறு சொல்லில் கேளுங்கள்.

அம்மா வழக்கமாக வலது காதில் வைத்துப் பேசுவாள். அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது பக்கத்து அறையில் நின்று அவளுக்குப் போன் செய்தேன். இடது காதுக்கு மாற்றச் சொன்னதும் பாதி வார்த்தைகள் திரும்பி வந்தன. அதுவரை எந்தக் காது நன்றாகக் கேட்கிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. டாக்டர் இறுகிப்போன குரும்பியை எடுத்தார். இன்னும் கொஞ்சம் தெளிந்தது. மீதி வயதின் குறை, கருவி வாங்கினோம். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி என்றால் போனைக் காதுத் துளையில் வைக்கக்கூடாது, சற்று மேலே கருவியை ஒட்டிப் பிடிக்க வேண்டும். இதைப் பழக அவளுக்குப் பல நாள் ஆயிற்று.

அப்பாவையும் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டது என்று சொன்னால் நீங்கள் ஊருக்கு வரும்வரை காத்திருக்கவே கூடாது. பக்கத்தில் இருப்பவர்களை விட்டு உடனே காட்டச் சொல்லுங்கள்.

என்ன பேசுவது என்று அதற்குப் பிறகு நீங்கள் தேட வேண்டியிருக்காது. அடுத்து வந்த சித்ரா பௌர்ணமியன்று காலையில் கூப்பிட்டேன். "அம்மா, அழகரைப் பற்றிக் கேட்கிறேன். ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "தட்டா, பட்டா?" என்றாள். இத்தனை காலத்தில் அவள் என்னைத் திருப்பிக் கேட்டது அதுதான் முதல் முறை.

"பட்டு. அவர் உடுத்துவது."

"பச்சை" என்றாள். பிறகு அவளாகவே, சிறுமியாக இருந்தபோது தாத்தாவின் தோளில் உட்கார்ந்து எதிர்சேவை பார்த்ததையும், ஏதோ ஒரு மண்டகப்படியில் பானகம் குடித்ததையும், கூட்டத்தில் ஒரு கால் கொலுசு தொலைந்துபோனதையும் சொல்லிக்கொண்டே போனாள். கொலுசு தொலைந்த கதையை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.