தாரோஃப்: எத்தனை முறை மறுப்பது?

கேள்வி: அடுத்த வாரம் தெஹ்ரானில் ஒரு ஈரானியர் வீட்டு விருந்துக்குப் போகிறேன். தாரோஃப் என்ற அவர்களுடைய உபசார வழக்கப்படி எதைக் கொடுத்தாலும் முதலில் மறுக்க வேண்டுமாமே? எத்தனை முறை மறுப்பது, எப்போது வாங்கிக்கொள்வது?

இரண்டு முறை மறுத்து மூன்றாவது முறை ஏற்பது என்பது பொதுவான கணக்கு. ஆனால் எண்ணிக்கையைவிட, மறுக்கும் விதம்தான் முக்கியம். "எனக்கு வேண்டாம்" என்றால் அவர்கள் கொடுப்பதை நீங்கள் ஒதுக்குவதாகிவிடும். அவர்களுடைய சிரமத்தைக் காரணம் காட்டுங்கள்: "ஸஹ்மத் நகெஷீத்", அதாவது "சிரமப்படாதீர்கள்". வாங்கிக்கொண்டதும் "தஸ்தெ ஷொமா தர்த் நகொனெ" என்று சொல்லுங்கள். "உங்கள் கை வலிக்காமல் இருக்கட்டும்" என்பது அதன் நேர்ப்பொருள். நன்றி சொல்ல அன்றாடம் சொல்வது இதுதான்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் தேநீர் வரும். ஊற்றிக் கொண்டுவந்த தேநீரை மூன்று முறை மறுத்துக்கொண்டிருந்தால் தட்டை ஏந்தியவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். ஒரு "ஸஹ்மத்" போதும், எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். தட்டைக் காலி செய்தால் மறுபடி சோறு விழும். போதுமென்றால் கடைசியில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். அதற்கும் மேல் வற்புறுத்தினால் "தாரோஃப் நெமிகொனம்" (நான் தாரோஃப் செய்யவில்லை) என்று சொல்லி, குறிப்பான ஒரு காரணமும் கொடுங்கள். தாரோஃப் செய்பவரும் இதே வாக்கியத்தைச் சொல்வார் என்பது வேடிக்கை. அதனால்தான் காரணம் வேண்டியிருக்கிறது. "சர்க்கரை நோய், இனிப்பு சேராது" என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

ஒரு பூச்சாடியை அழகு என்று புகழ்ந்தால் "பீஷ்கெஷ்" என்பார்கள்: "உங்களுக்கே காணிக்கை." கையில் எடுத்துவிடாதீர்கள்! "மொபாரகெ ஸாஹெபெஷ்" (உரியவருக்கே நலமாகட்டும்) என்பது பதில்.

அழைப்பு உண்மையா, உபசாரமா என்று எப்படி அறிவது? விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். வாசலில் விடைபெறும்போது "உள்ளே வாருங்கள், சாப்பிட்டுப் போகலாம்" என்று பொதுவாகச் சொன்னால் அது பெரும்பாலும் உபசாரம். நன்றி சொல்லி நகர்ந்துவிடலாம். "வியாழன் இரவு எட்டு மணிக்கு வாருங்கள், கோர்மே சப்ஸி செய்கிறோம்" என்று நாளும் நேரமும் பதார்த்தமும் சொல்லி, நீங்கள் மறுத்த பிறகும் அதையே திரும்பக் கேட்டால் உண்மையாகவே கூப்பிடுகிறார்கள். உங்களுடையது முன்கூட்டியே நாள் குறித்த விருந்து, சந்தேகமே வேண்டாம். ஒரு பெட்டி இனிப்போ பூங்கொத்தோ கொண்டுபோங்கள். "இதெல்லாம் எதற்கு?" என்பார்கள், அதுவும் தாரோஃப்தான், கொடுத்துவிடுங்கள்.

போகிற வழியில் டாக்ஸிக்காரரும் "காபெல் நதாரே" என்று சொல்லக்கூடும். "உங்களுக்கு முன்னால் இது ஒரு பொருட்டா" என்கிற மாதிரி. பணம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. "எவ்வளவு?" என்று மறுபடி கேளுங்கள், இரண்டாவது அல்லது மூன்றாவது முறை தொகை வரும். நன்றி சொல்லி இறங்கி நடந்தால் பின்னாலேயே வருவார். சொல்லும் தொகை தொமானா ரியாலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தொமான் 10 ரியால்.