மாதம் பிறந்தால் ரோட்டா உடைகிறதா? 28 கட்டத்தை விட்டு வெளியே போகாதீர்கள்

கேள்வி: சேலம் கருப்பூர் பக்கம் சூளை அணையாமல் ஓடும் ஒரு ஆலையில் டைம் ஆபீஸ் பார்க்கிறேன். மூன்று ஷிப்ட், நான்கு குழு. ஒரு மாதத்து ரோட்டாவைப் போட்டு, ஒவ்வொரு குழுவையும் ஒரு வாரம் தள்ளி ஆரம்பித்து, மாதாமாதம் அதையே காப்பி அடிக்கிறேன். ஆனாலும் மாதம் மாறும்போது இரண்டு குழுக்கள் சண்டைக்கு வருகின்றன. கைரேகை மெஷின் விற்பவர், வருடச் சந்தா கட்டினால் தானாக ரோட்டா வரும் என்கிறார். வாங்கட்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். காப்பி அடிப்பதில் தப்பில்லை. நீங்கள் காப்பி அடிப்பது மாதத்தை, அடிக்க வேண்டியது சுழற்சியை. நான்கு குழு என்றால் சுழற்சி 4 வாரம், அதாவது 28 நாள். மாதம் 30, 31 என்று நீளும். சம்பளம் மாதக் கணக்கு, மஸ்டர் ரோல் மாதக் கணக்கு, மேலே போகும் படிவங்களும் மாதக் கணக்கு. எல்லாம் 1ஆம் தேதி பிறப்பதால் ரோட்டாவும் 1ஆம் தேதி பிறக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். 28 நாள் சுழற்சிக்கும் 1ஆம் தேதிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

முதலில் சுழற்சியைச் சரியாக எழுதுவோம். ப என்றால் பகல் (காலை 6 முதல் 2), அ என்றால் அரை நைட் (2 முதல் இரவு 10), மு என்றால் முழு நைட் (10 முதல் காலை 6), ஓ என்றால் ஓய்வு. திங்களில் ஆரம்பித்து வரிக்கு ஒரு வாரமாக எழுதுங்கள்:

```
      தி  செ  பு  வி  வெ  ச  ஞா
1     ப   ப   ப   ப   ப   ப   ப
2     ஓ   ஓ   அ   அ   அ   அ   அ
3     அ   அ   ஓ   ஓ   மு  மு  மு
4     மு  மு  மு  மு  ஓ   ஓ   ஓ
```

இதை மேலிருந்து கீழாகப் படியுங்கள். எந்தக் கிழமையை எடுத்தாலும் ப, அ, மு, ஓ ஒவ்வொன்றும் ஒரு முறைதான் வருகிறது. முதல் குழு 1ஆம் வரியில் நிற்கும்போது, இரண்டாவது 2ஆம் வரியிலும், மூன்றாவது 3லும், நான்காவது 4லும் நிற்கும். எனவே எந்த நாளிலும் ஒரு ஷிப்டுக்கு ஒரு குழு, ஓய்வில் ஒரு குழு. ஒரு வாரம் தள்ளி ஆரம்பிப்பது இதற்காகத்தான். எங்காவது ஒரு கட்டத்தை மாற்றினால் அதே கிழமையில் இன்னொரு கட்டத்தையும் மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் சூளைக்கு முன்னால் ஒரு ஷிப்டில் இரண்டு குழு நிற்கும், அடுத்த ஷிப்டில் ஆளே இருக்காது.

பகல், அரை நைட், முழு நைட் என்ற வரிசையைத் திருப்பிப் போடாதீர்கள். இந்த வரிசையில் ஒவ்வொரு ஷிப்ட் மாற்றத்துக்கும் சரியாக 72 மணி நேர இடைவெளி விழுகிறது. ஞாயிறு மதியம் 2 மணிக்குப் பகல் முடித்தவர் புதன் 2 மணிக்கு வருகிறார். செவ்வாய் இரவு 10க்கு முடித்தவர் வெள்ளி இரவு 10க்கு. வெள்ளி காலை 6க்கு நைட் முடித்தவர் திங்கள் காலை 6க்கு. மூன்று நாள் ஓய்வை நைட்டுக்கு அடுத்து வைத்திருப்பதும் இதனால்தான். மேஸ்திரி சொல்கிறார் என்று அதை வேறு இடத்துக்கு நகர்த்தினால், நைட் முடித்தவருக்கு 48 மணி நேரம்தான் மிஞ்சும்.

இனி உங்கள் சண்டைக்கு வருவோம். 31 நாள் மாதம் ஒன்றை எடுத்து, 1ஆம் தேதி முதலில் இருந்து தொடங்குங்கள். 29, 30, 31 தேதிகளில் முதல் குழு புதுச் சுழற்சியின் முதல் மூன்று பகலைப் பார்த்துவிட்டது. அடுத்த மாதம் நீங்கள் மறுபடி முதல் வரியில் வைப்பதால் இன்னும் ஏழு பகல், ஆக இடைவெளி இல்லாமல் 10 நாள். நான்காவது குழு 26 முதல் 31 வரை ஆறு நைட் பார்த்துவிட்டு மறுபடி நான்கு நைட், அதுவும் தொடர்ந்து 10. இரண்டாவது குழுவோ 29, 30 ஓய்வு, 31 ஒரு நாள் வேலை, 1, 2 மறுபடி ஓய்வு. ஐந்து நாளில் ஒரு நாள்தான் வேலைக்கு வந்திருக்கிறது. சண்டை வராமல் என்ன செய்யும்?

இது கண்ணில் படாததற்கும் காரணம் உண்டு. நாள்வாரியாகக் கூட்டிப் பார்த்தால் எல்லா ஷிப்டிலும் ஆள் சரியாக இருக்கும். குளறுபடி ஒவ்வொரு குழுவின் வரியிலும் குறுக்காகத்தான் இருக்கிறது. அதனால் மாதக் கடைசி வாரத்தையும் அடுத்த மாத முதல் வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏழு நாளுக்கு மேல் ஓய்வில்லாமல் ஓடும் வரி இருந்தால், அங்கே சுழற்சி அறுந்திருக்கிறது.

எக்செலில் இதற்கு ஒரே சூத்திரம் போதும். Cycle என்று ஒரு ஷீட் போட்டு, A1 முதல் A28 வரை மேலே உள்ள 28 எழுத்தையும் வரிசையாகக் கீழ்நோக்கி அடியுங்கள். ரோட்டா ஷீட்டில் A பத்தியில் குழுவின் பெயர், B பத்தியில் தள்ளல்: 0, 7, 14, 21. C1 முதல் தேதிகள். C2வில் இதைப் போட்டுக் குறுக்காகவும் கீழாகவும் இழுத்துவிடுங்கள்:

```
=INDEX(Cycle!$A$1:$A$28,MOD(C$1-DATE(2026,1,5)+$B2,28)+1)
```

2026 ஜனவரி 5 திங்கள்கிழமை. அதை நங்கூரம் மாதிரி விட்டுவிட வேண்டும். மாதம் மாறினாலும் வருடம் மாறினாலும் அந்தத் தேதியைத் தொடக்கூடாது. C1இல் மட்டும் மாதத்தின் முதல் தேதியை மாற்றினால் போதும், D1இலிருந்து =C1+1. #VALUE! என்று வந்தால் தேதியைப் புள்ளி வைத்து அடித்திருப்பீர்கள். நம் ஊர் வழக்கப்படி 05.01.2026 என்று அடித்தால் எக்செல் பல கணினிகளில் அதை வெறும் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். சாய்கோடு போட்டாலும் சில கணினிகள் அதை மே 1 என்று படிக்கும். அதனால்தான் சூத்திரத்துக்குள் DATE வைத்திருக்கிறேன். C1இலும் அப்படியே செய்யுங்கள்.

இவ்வளவுதான் அந்தச் சந்தாவுக்குள் இருக்கும் சரக்கு. ஷிப்ட் மென்பொருள் என்று விற்கப்படுவதில் பாதி, பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய இதே ஷீட்தான். குழுவில் ஒரு ஆள் கூடினால்கூட விற்றவருக்குப் போன் அடிக்க வேண்டும், அவர் 'விசிட் சார்ஜ்' கேட்பார். அப்படியும் வாங்கச் சொல்லி நிர்வாகம் நெருக்கினால், பணம் கொடுப்பதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: 31ஆம் தேதிக்கும் 1ஆம் தேதிக்கும் நடுவில் சுழற்சி தொடருமா? தொடரும் என்று வாயால் சொன்னால் போதாது. இரண்டு மாதத்தைச் சேர்த்து அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

திங்களில் ஆரம்பிக்கச் சொன்னதற்குக் காரணம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வேலை வரம்பு. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் வாரம் என்பது சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கியது. மேலே உள்ள சுழற்சியை ஞாயிறு முதல் சனி வரை எண்ணிப் பாருங்கள். குழு எந்த வாரத்திலும் 6 நாளுக்கு மேல் வேலை செய்வதில்லை. நான்கு வாரமும் 5, 5, 5, 6 என்று வரும். இதே 28 எழுத்தை ஞாயிறன்று தொடங்கிப் பாருங்கள், ஏழு பகலும் ஒரே வாரத்துக்குள் விழுந்து 56 மணி நேரம் ஆகிவிடும். எட்டு மணி நேரம் ஓவர்டைம், அதுவும் இரட்டைச் சம்பளம். ஒரே பட்டியல், ஒரு நாள் முன்பின், இவ்வளவு வித்தியாசம். மாதத் தொடக்கத்தில் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இந்தக் கிழமையும் மாதாமாதம் நழுவும்.

முழு நைட்டில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சனி இரவு 10க்கு ஏறியவர் ஞாயிறு காலை 6க்கு இறங்குகிறார். அது எந்த நாள் வேலை? சனி. நள்ளிரவுக்குப் பின் உழைத்த நேரமும் ஷிப்ட் தொடங்கிய நாளின் கணக்கில்தான் சேரும், ஓய்வு நாளின் 24 மணி நேரம் ஷிப்ட் முடிந்த நொடியிலிருந்து எண்ணப்படும். எனவே ரோட்டாவில் மு என்ற எழுத்து, ஏறிய தேதியின் கட்டத்தில் இருக்க வேண்டும். மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது. நான்காம் வரியில் வியாழன் நைட் முடித்தவர் வெள்ளி காலை 6 மணிக்குக் கைரேகை வைப்பார். மெஷின் வியாழனுக்கு 'அவுட் இல்லை' என்றும், வெள்ளிக்கு 'ஓய்வு நாளில் வேலை' என்றும் காட்டும். மாதக் கடைசியில் சிலர் அதை வைத்துக்கொண்டு மாற்று ஓய்வு கேட்பார்கள், சில கான்ட்ராக்டர்கள் அதையே பில்லில் ஏற்றுவார்கள். மெஷினின் நாள் முடிவு நேரத்தை நள்ளிரவிலிருந்து காலை 8 மணிக்கும் மதியத்துக்கும் நடுவில் மாற்றிவைக்க முடியுமா என்று விற்றவரிடம் கேட்காதீர்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று, காலை 6 மணிக்குப் பகல் ஷிப்டுக்கு ஏறுபவரின் கைரேகையும் அப்போது முந்தைய நாளில் விழும். அதனால் இந்த மாற்றம் நைட் பார்க்கும் குழுவுக்கு மட்டும் ஷிப்ட்வாரியாக அமைய வேண்டும். எல்லோருக்கும் ஒன்றாகத்தான் மாறும் என்று சொல்லும் மெஷின், மூன்று ஷிப்ட் ஆலைக்கு லாயக்கில்லை.

புதிய சுழற்சிக்கு மாறும் முதல் வாரத்தில் எந்தக் குழுவுக்கு எந்தத் தள்ளல் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யாதீர்கள். தள்ளல் 7 இரண்டு நாள் ஓய்வில் தொடங்குகிறது, ஆகவே முந்தைய ஞாயிறு நைட் முடித்த குழுவுக்கு அதைக் கொடுங்கள். தள்ளல் 21 நான்கு நைட்டில் தொடங்குகிறது. அதை ஓய்வு முடிந்து வரும் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் நைட் பார்த்த குழுவுக்குக் கொடுத்தால், முதல் வாரமே 11 நைட் ஆகிவிடும்.

ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வதைச் சூத்திரத்தின் மேல் அடிக்காதீர்கள். சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கைத் திருவிழாவுக்காக இருவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டார்கள் என்று அந்தக் கட்டத்தில் கையால் ப என்று அடித்தால் அங்கே சூத்திரம் செத்துப்போகும். அடுத்த மாதம் தேதி மாறும்போது அந்தப் ப மட்டும் அப்படியே நிற்கும், யார் அடித்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. மாற்றங்களுக்கென்று நான்கு குழுக்களுக்குக் கீழே தனி வரி வைத்து, தேதிக்கு நேராக இரண்டு பெயரையும் எழுதிவிடுங்கள். அந்த வரியை மட்டும் மாதம் முடிந்ததும் அழியுங்கள்.