அப்ரைசலில் என் உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள் என்று எப்படிக் கேட்பது?

சிகிச்சைக்காக மூன்று மாதம் மெடிக்கல் லீவில் இருந்தேன். விற்பனைப் பிரிவில் வேலை. வருடத்துக்கு 60 வாடிக்கையாளர் டார்கெட், 44 முடித்தேன். 'டார்கெட் எட்டவில்லை' என்று ரேட்டிங் குறையப் போகிறது. என்ன எழுதலாம்?

கணக்கை எழுதுங்கள், நோயை எழுத வேண்டாம். 60-க்கு 44 என்றால் 73 சதவீதம். ஆனால் நீங்கள் வேலை பார்த்தது ஒன்பது மாதம், அதற்குரிய டார்கெட் 45, அதில் 44 என்றால் கிட்டத்தட்ட 98 சதவீதம். மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் சேர்த்தே மெயில் போடுங்கள்: "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை அனுமதிக்கப்பட்ட விடுப்பில் இருந்தேன், பணியாற்றிய மாதங்களுக்கேற்ப டார்கெட்டைக் கணக்கிட்டு மதிப்பிடவும், விடுப்பின் காரணமோ என் உடல்நிலையோ மதிப்பீட்டுக் குறிப்பில் இடம்பெற வேண்டாம்." அவ்வளவுதான். 'கஷ்டமான நேரத்திலும் உழைத்தேன்' என்றெல்லாம் சேர்த்தீர்கள் என்றால் நீங்களே உடல்நிலையை மேசைக்குக் கொண்டுவந்தவர் ஆகிவிடுவீர்கள். இதை மேனேஜர் ரேட்டிங் போடுவதற்கு முன்பே அனுப்புங்கள், ஏனென்றால் பெரும்பாலான கம்பெனிகளில் எல்லா டீமின் ரேட்டிங்கையும் ஒப்பிட்டுச் சரிசெய்யும் கூட்டம் முடிந்துவிட்டால் அப்புறம் எண்ணை மாற்ற யாரும் முன்வர மாட்டார்கள்.

எனக்கு பைபோலார் இருக்கிறது. மருந்து மாற்றியதால் காலையில் சீக்கிரம் வர முடிவதில்லை. மேனேஜரிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டுமா?

மேனேஜருக்குத் தெரிய வேண்டியது நேர மாற்றம் மட்டும்தான். மருத்துவரிடம் நோயின் பெயர் இல்லாமல், 'மருத்துவக் காரணத்தால் காலை 10 மணிக்குப் பிறகு பணி தொடங்குவது அவசியம்' என்று ஒரு சான்று கேட்டு வாங்குங்கள். எச்.ஆர். கூடுதலாகக் கேட்டால் விவரத்தை அவர்களிடம் மட்டும் கொடுத்து, மேனேஜருக்கோ பதவி உயர்வுக் குழுவுக்கோ பகிரக்கூடாது என்று எழுத்தில் கேளுங்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் இருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனத்தில் சம வாய்ப்புக் கொள்கையும் அதைக் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலரும் இருக்க வேண்டும், அவர் யார் என்று விசாரியுங்கள். '40 சதவீத ஊனச் சான்று இல்லையே' என்று சொல்லி அனுப்பினால் விட்டுவிடாதீர்கள். அந்தச் சதவீதம் இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கானது, நியாயமான வசதி கேட்பதற்கு அது தேவையில்லை என்று விகாஷ் குமார் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மத்திய அரசு ஊழியர் நான். ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் 'உடல்நலக் குறைவு, பொறுப்பான பணிக்கு ஏற்றவரல்ல' என்று எழுதியிருக்கிறார்கள்.

உங்களுக்கு நேரம் குறைவு, அறிக்கை கைக்கு வந்ததிலிருந்து 15 நாளுக்குள் முறையீடு கொடுக்க வேண்டும். ஒரு சங்கடம் இருக்கிறது: அந்தப் படிவத்திலேயே உடல்நிலைக்கு ஒரு கட்டம் உண்டு, அதனால் 'உடல்நிலை பற்றி எழுதியதே தவறு' என்று வாதாடினால் எடுபடாது. மதிப்பெண் வருவது வேறு இடத்திலிருந்து. செய்த வேலைக்கு 40 சதவீதம், தனிப்பட்ட பண்புகளுக்கு 30, பணித்திறனுக்கு 30. எனவே எந்தப் பகுதியில் மதிப்பெண் குறைந்திருக்கிறது என்று பாருங்கள். கோப்புகள் தாமதமில்லாமல் போயிருந்தும் வேலைப் பகுதியில் 10-க்கு 5 என்று போட்டிருந்தால், எத்தனை கோப்பு, எத்தனை நாளில் முடிந்தது என்ற விவரத்தோடு அந்த எண்ணை உயர்த்தக் கேளுங்கள். 'ஏற்றவரல்ல' என்ற வரிக்கு மருத்துவ ஆதாரம் என்ன என்று கேட்டு, நீக்கக் கோருங்கள். உங்கள் நிலை சட்டம் சொல்லும் ஊனத்துக்குள் வந்தால், அதை மட்டும் காரணமாக வைத்துப் பதவி உயர்வை மறுக்கக்கூடாது என்று அதே 2016 சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது, அதையும் குறிப்பிடுங்கள்.

பதவி உயர்வு நேர்காணலில் 'இந்தப் பொறுப்பு உங்க உடம்புக்குத் தாங்குமா?' என்றார்கள். எனக்கு வலிப்பு நோய் இருப்பது அவர்களுக்குத் தெரியும்.

'இந்தப் பணியில் என்னென்ன செய்ய வேண்டும்?' என்று திருப்பிக் கேளுங்கள். மாதம் எத்தனை நாள் வெளியூர், இரவு ஷிப்ட் உண்டா, வண்டி ஓட்ட வேண்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் உங்களால் முடியும், முடியாது என்று பதில் சொல்லுங்கள். வண்டி ஓட்டுவதே வேலை என்றால் உங்கள் உடல்நிலையை அவர்கள் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மேசையில் உட்கார்ந்து குழுவை நடத்தும் வேலைக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. அன்று மாலையே கேட்டவர் பெயர், கேட்ட வார்த்தைகள், நீங்கள் சொன்ன பதில் எல்லாவற்றையும் எழுதி எச்.ஆருக்கு மெயில் அனுப்பி, சொந்த மெயிலிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.