மரபணுவை ‘அமைதியாக்கும்’ ஊசி: மூலப்பத்திரத்துக்கு ஆபத்தா?

கேள்வி: எனக்கு வயது 51. இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மாத்திரை தொடங்கும் முன் எல்.டி.எல். 224. இப்போது ரோசுவாஸ்டாடின் 20, எசிடிமைப் 10 சாப்பிட்டும் 98-இல் நிற்கிறது. இன்கிளிசிரான் என்ற ஊசியை வருடத்துக்கு இரண்டு முறை போடலாம் என்கிறார் டாக்டர். ‘மரபணுவை அமைதியாக்கும் மருந்து’ என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. ஆறு மாதம் வேலை செய்கிறது என்றால் மரபணுவையே மாற்றிவிடுமா? பிள்ளைகளுக்கும் போகுமா? பயோடெக் படிக்கும் என் மகள், ‘நம் உடம்பில் மைக்ரோ ஆர்.என்.ஏ. செய்யும் வேலைதானே அப்பா’ என்கிறாள். ஊசி போட்டால் மாத்திரைகளை நிறுத்தலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: ஐயா, முதலில் பயத்துக்கு ஒரு நேரான பதில்: இந்த ஊசி உங்கள் மரபணுவைத் தொடுவதில்லை. ‘மரபணுவை அமைதியாக்கும்’ என்று பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்து வைத்திருக்கலாம்.

வீட்டுப் பத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூலப்பத்திரம் பீரோவுக்குள் பூட்டியிருக்கிறது. வங்கிக்கோ தாலுகா ஆபீசுக்கோ வேண்டுமென்றால் நகல் எடுத்துத்தான் கொடுப்போம். செல்லிலும் அப்படித்தான். டி.என்.ஏ. என்ற மூலம் உட்கருவுக்குள் இருக்கிறது. ஒரு புரதம் தேவைப்படும்போது அந்த மரபணுவிலிருந்து மட்டும் ஒரு நகல் எடுக்கப்படுகிறது. இதைத்தான் பள்ளிப் புத்தகத்தில் ‘படியெடுத்தல்’ என்று படித்திருப்பீர்கள். அந்த நகலான தூது ஆர்.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வருகிறது. வெளியே இருக்கும் ரைபோசோம்கள் அதைப் படித்துப் புரதத்தைச் செய்கின்றன. நகல் நிலையானதல்ல. சில மணி நேரத்தில் சிதைந்துவிடும், மறுபடி எடுக்கப்படும். உங்களுக்குச் சொல்லியிருக்கும் ஊசி வெளியே வந்துவிட்ட இந்த நகலை மட்டும் நறுக்குகிறது. பீரோவைத் திறப்பதே இல்லை. நகலைக் கிழித்தால் மூலம் கிழிவதில்லை.

எந்த நகலை என்பதுதான் அடுத்த விஷயம். ஈரல் செல்லின் மேற்பரப்பில் எல்.டி.எல். ஏற்பிகள் இருக்கின்றன. இவை கிணற்று வாளி மாதிரி. ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். கொழுப்பை மொண்டு உள்ளே இறக்கிவிட்டு, காலியாக மறுபடி மேலே வரும். ஒரே வாளி நூறு தடவைக்கும் மேல் போய்வரக்கூடியது. ஆனால் ஈரலே சுரக்கும் பிசிஎஸ்கே9 என்ற புரதம் வந்து வாளியோடு ஒட்டிக்கொண்டால், உள்ளே போன வாளி திரும்புவதில்லை, அங்கேயே சிதைக்கப்படுகிறது. வாளி குறையக் குறைய ரத்தத்தில் எல்.டி.எல். ஏறும். இந்தப் புரதத்தின் மரபணு பிறவியிலேயே செயலிழந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் டல்லாஸ் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, இதில் ஒரு பிரதி பழுதான கறுப்பின மக்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதமும் இதயத் தமனி நோய் 88 சதவீதமும் குறைவு. ஆக, பிசிஎஸ்கே9 குறைந்தால் பெரிய நஷ்டம் இல்லை என்று மருந்து வருவதற்கு முன்பே இயற்கை காட்டிவிட்டது.

இன்கிளிசிரான் என்பது இருபத்துச் சொச்சம் எழுத்துகள் கொண்ட ஒரு குட்டி இரட்டை இழை ஆர்.என்.ஏ. அதன் ஒரு நுனியில் ஒரு வகைச் சர்க்கரையைக் கோத்திருக்கிறார்கள். அந்தச் சர்க்கரையைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி ஏறக்குறைய ஈரல் செல்களில் மட்டும்தான் நிறைய உண்டு. அதனால் தோலுக்கடியில் போட்ட மருந்து நேராக ஈரலில் போய் இறங்குகிறது. விந்தணுவில் போய்ச் சேருமோ என்ற கவலை வேண்டாம். அப்படி ஒன்றிரண்டு மூலக்கூறு வழிதவறிப் போனாலும், மூலத்தில் எழுதும் சக்தி அதற்குக் கிடையாது.

செல்லுக்குள் ‘ரிஸ்க்’ என்று ஒரு புரதத் தொகுதி இருக்கிறது (பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், வெறும் எழுத்துச் சுருக்கம்தான்). அது மருந்தின் இரண்டு இழைகளில் ஒன்றை எறிந்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளும். வைத்துக்கொண்ட இழைதான் வழிகாட்டி. எதிரே வரும் நகல்களோடு அதைப் பொருத்திப் பார்க்கிறது. முழுக்கப் பொருந்துவது பிசிஎஸ்கே9 நகல் மட்டுமே. பொருந்தியதும், ரிஸ்க்கின் கத்தியான ஆர்கோனாட் 2 என்ற புரதம், வழிகாட்டியின் 10-ஆம், 11-ஆம் எழுத்துகளுக்கு நேரே நகலைத் துண்டிக்கிறது. துண்டுகளைச் செல்லின் மற்ற நொதிகள் தின்றுவிடும். கத்தி மட்டும் அப்படியே இருக்கும், அடுத்த நகலைத் தேடிப் போகும். இதற்குத்தான் ஆர்.என்.ஏ. குறுக்கீடு என்று பெயர். ஃபயரும் மெல்லோவும் 1998-இல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் கண்டுபிடித்து, 2006-இல் நோபல் வாங்கியது இதற்குத்தான்.

ஆறு மாதக் கணக்குக்கும் இதில்தான் விடை. ரத்தத்தில் இந்த மருந்து இரண்டு நாளைக்கு மேல் தங்குவதில்லை. ஆனால் ஈரல் செல் அதை விழுங்கும்போது சின்னச் சின்னப் பைகளில் அடைபடுகிறது. வேதியியல் மாற்றம் செய்த எழுத்துகள் என்பதால் அங்கே அழியாமல் கிடந்து, துளித்துளியாகக் கசிகிறது. கசிவது கொஞ்சம்தான், ஆனால் ஒரு கத்தி பல நகல்களை வெட்டும் என்பதால் அது போதும். ஈரல் புதிது புதிதாக நகல் எடுத்துக்கொண்டேதான் இருக்கிறது, அவை வெட்டுப்பட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. சேமிப்பு தீர்ந்தால் வெட்டும் நிற்கும், எல்.டி.எல். மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு ஏறும். மரபணு மாறியிருந்தால் இரண்டாவது ஊசிக்கே வேலை இருக்காதே! ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: மாத்திரையை இன்று நிறுத்தினால் சில நாளில் விட்டுப்போகும். இதைப் போட்ட பிறகு வெளியே எடுக்க வழியில்லை, தானாகக் குறையும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

உங்கள் மகள் சொன்னதில் பாதி சரி. மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் இதே ரிஸ்க்கில்தான் ஏறி உட்காருகிறது, அதுவும் நகல் வெளியே வந்த பிறகுதான் கைவைக்கிறது. வித்தியாசம் பொருத்தத்தில் இருக்கிறது. அது நம் மரபணுக்களிலேயே எழுதப்பட்ட, ஏறக்குறைய 22 எழுத்து ஆர்.என்.ஏ. நகலோடு முழுக்கப் பொருந்த வேண்டும் என்று அது கேட்பதில்லை. தன் 2-ஆம் எழுத்திலிருந்து 8-ஆம் எழுத்து வரை பொருந்தினாலே பெரும்பாலும் போதும். அந்தப் பொருத்தத்தில் கத்தி விழாது. அதற்குப் பதில், நகலின் வாலைக் கரைக்கும் நொதிகள் வரவழைக்கப்படுகின்றன. வால் போன நகலிலிருந்து புரதம் குறைவாக வரும், நகலும் சீக்கிரம் சிதையும். ஏழு எழுத்துப் பொருத்தம் எத்தனையோ நகல்களில் கிடைக்கும் என்பதால், ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களின் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துவைக்கும். ஆம்ப்ரோஸும் ருவ்குனும் 1993-இல் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்புக்கு 2024-இல் நோபல் வந்தது.

அந்த அகலமான கைதான் மருந்தாக்கும்போது தொல்லை. புற்றுநோய்க்கு மைக்ரோ ஆர்.என்.ஏ.-34-ஐப் போல ஒன்றைச் செய்து மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் 2016-இல் ஆய்வை நிறுத்த வேண்டியதாயிற்று. உங்கள் ஊசி குறுகிய குறி வைத்தது. ஆனாலும் ரிஸ்க்கில் ஏறிய எந்த இழையும், ஏழு எழுத்து மட்டும் பொருந்தும் வேறு நகலிடம் மைக்ரோ ஆர்.என்.ஏ. மாதிரி நடந்துகொள்ள வாய்ப்புண்டு. மருந்தை வடிவமைப்பவர்கள் அப்படிப் பொருத்தம் குறைந்த எழுத்து வரிசையாகத் தேடி எடுப்பது இதனால்தான். இன்கிளிசிரானின் பெரிய ஆய்வுகளில் ஊசி போட்ட இடத்தில் வலி, சிவப்பு ஆகியவைதான் முக்கியமாகத் தெரிந்தன. (சோற்றிலுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. ரத்தத்தில் கலந்து எல்.டி.எல்.லை மாற்றும் என்று 2012-இல் ஒரு சீனக் கட்டுரை வந்தது. மற்றவர்கள் செய்து பார்த்தபோது அது நிற்கவில்லை. அதை வைத்து யாராவது அரிசி விற்க வந்தால் வாங்காதீர்கள்.)

மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஊசி எல்.டி.எல்.லை 50-க்கோ 60-க்கோ கொண்டுவருவதில்லை, இருப்பதைச் சுமார் பாதியாக்குகிறது. உங்கள் கணக்கையே போடுவோம். மாத்திரையோடு 98, அதில் பாதி 49. மாரடைப்பு வந்தவருக்கு 55-க்குக் கீழே வேண்டும், 50-க்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்று பார்க்கிறோம். ஆக, இலக்கைத் தொட்டுவிடுவீர்கள். மாத்திரையை விட்டுவிட்டால் பாதியாவது 224, அதாவது 112. லட்சக்கணக்கில் செலவழித்து இன்றைக்கு இருப்பதைவிட மோசமான இடத்தில் நிற்பீர்கள். ஸ்டாடின் ஈரலில் வாளிகளைக் கூட்டுகிறது, கூடவே பிசிஎஸ்கே9-ஐயும் கூட்டிவிடுகிறது. அந்த இரண்டாவதை ஊசி பார்த்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

ஊசி 284 மில்லிகிராம். முதல் நாள் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. தேதி தவறி மூன்று மாதத்துக்குள் என்றால் உடனே போட்டுக்கொண்டு பழைய அட்டவணையைத் தொடரலாம். அதற்கு மேல் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது ஊசிக்குப் பிறகு லிப்பிட் சோதனை செய்யுங்கள். பெரிதாக இறங்கவில்லை என்றால் மருந்தைக் குறை சொல்லும் முன் மாத்திரை விட்டுப்போனதா, தைராய்டு குறைந்திருக்கிறதா என்று பார்ப்போம்.

உங்கள் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள். பிசிஎஸ்கே9 புரதத்தையே ரத்தத்தில் பிடிக்கும் இவலோகுமாப், அலிரோகுமாப் என்ற ஊசிகள் உண்டு. பொதுவாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும், அலுப்புதான். ஆனால் அவை மாரடைப்பையே குறைப்பதாக 2017, 2018-இல் பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. இன்கிளிசிரான் எல்.டி.எல்.லைக் குறைப்பது உறுதி. மாரடைப்பைக் குறைக்கிறதா என்று பார்க்கும் பெரிய ஆய்வுகள் தொடங்கியது பின்னால்தான். நீங்கள் வருடத்துக்கு 26 ஊசியைத் தவறாமல் போட்டுக்கொள்ளும் ஆள் என்றால் நான் அவற்றை முதலில் யோசிப்பேன். ஒன்றிரண்டு மாதத்தில் சலித்துவிடுவீர்கள் என்றால் இன்கிளிசிரான்தான்.

பிள்ளைகளுக்குப் போகுமா என்று கேட்டீர்களே, ஊசி போகாது. ஆனால் மாத்திரைக்கு முன் 224 என்பதும், 49 வயதில் மாரடைப்பு என்பதும் எனக்கு வேறொன்றை நினைவூட்டுகின்றன. எல்.டி.எல். ஏற்பியில் பிறவிப் பழுதோடு வரும் குடும்பக் கொலஸ்டிரால் நோயாக இருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. மகளுக்கும், மற்ற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும், உங்கள் உடன்பிறப்புகளுக்கும் இந்த மாதமே ஒரு லிப்பிட் சோதனை எடுத்துவிடுங்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மகளுக்கு எல்.டி.எல். 160-க்கு மேல் வந்தால் அந்தச் சீட்டோடு உங்கள் இதய டாக்டரிடமே கூட்டிப் போங்கள்.